வீடியோவைப் பார்ப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

“சர்க்கரை நோயாளிகளுக்கான கண் பரிசோதனை பத்தி ரெண்டு நிமிஷத்துல ஒரு அனிமேஷன் வீடியோ வேணும். மாடர்னா இருக்கணும், கொஞ்சம் எமோஷனலாவும் இருக்கணும், எல்லாருக்கும் புரியணும். எவ்வளவு ஆகும் சார்?”

அனிமேஷன் தொழிலில் இருப்பவர்களுக்கு இப்படி அழைப்பு வருவது வாடிக்கை. அழைப்பவர் ஒரு கண் மருத்துவமனையின் மேலாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னதில் படம் வரையத் தேவையான தகவல் அநேகமாக ஒன்றுமே இல்லை. அது அவர் குற்றமுமில்லை. தன் மருத்துவமனையை அவர் அறிவார். வீடியோ எப்படி உருவாகிறது என்பதை நாம்தான் அறிவோம். இரண்டுக்கும் நடுவே கேள்விகள் மட்டுமே இருக்கின்றன.

கேமராவில் எடுக்கும் படத்துக்கு நாலு காட்சி கூடுதலாக எடுத்துவைத்து, பிறகு எடிட்டிங்கில் யோசிக்கலாம். அனிமேஷனில் அப்படிக் கூடுதலாக எதுவும் கையில் இருக்காது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் முக்கால் நிமிடத்துக்கு 1,125 ஃபிரேம்கள்; அவற்றில் தெரியும் ஒவ்வொன்றும் யாரோ தீர்மானித்து உருவாக்கியது. பெரும்பாலும் குரலை முதலில் பதிவுசெய்து, அதன் நேரத்துக்கு ஏற்பத்தான் அசைவுகளை அமைப்பார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு வாக்கியத்தை மாற்றினால் அதற்குப் பின்னால் வரும் அத்தனையும் நகரும். அதனால்தான் கேட்க வேண்டியதை முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

பலரும் முதலில் கேட்கும் கேள்வி, “வீடியோவில் என்னென்ன வரவேண்டும்?” என்பது. அங்கேயே வேலை தடம் மாறிவிடுகிறது. மேலாளர் ஒவ்வொரு பிரிவையும் கேட்டு ஒரு பட்டியல் அனுப்புவார். அதில் நிறுவனர் படம், புதுக் கருவி, காப்பீட்டு வசதி, கிளைகளின் முகவரி எல்லாம் இருக்கும். ஒரு முறை எழுத்தில் வந்துவிட்டால் அதிலிருந்து எதையும் எடுக்க அவருக்கே மனம் வராது. அதற்குப் பதிலாக, “இதைப் பார்த்து முடித்தவர் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கலாம். “விழிப்புணர்வு வரணும்” என்பார். விடக்கூடாது. “விழிப்புணர்வு வந்தவர் மறுநாள் காலையில் என்ன செய்வார்?” கொஞ்சம் யோசித்து, “வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைச் சோதிச்சுக்கணும்” என்பார். இது கையில் பிடிக்கக்கூடிய பதில்.

அடுத்த கேள்வியை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன்: “அவர் இப்போது ஏன் அதைச் செய்யவில்லை?” இதற்கு மேலாளரிடம் நல்ல பதில் இருக்காது. “அலட்சியம்தான்” என்று முடித்துவிடுவார். அலட்சியத்தைப் படமாக வரைய முடியாது. இந்த இடத்தில், நோயாளிகளோடு தினமும் பேசுகிறவர் யார் என்று விசாரித்து, முன்பதிவு கவுன்டரில் இருப்பவரிடமோ செவிலியரிடமோ ஒரு பத்து நிமிடம் பேச அனுமதி கேட்க வேண்டும். “தாமதமாக வந்த நோயாளிகள் இரண்டு மூன்று பேரைப் பற்றிச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம்” என்று கேட்டால், “பொதுமக்கள்” மறைந்து மனிதர்கள் வருவார்கள்.

செவிலியர் ஒரு தையல்காரரைப் பற்றிச் சொல்கிறார். ஐம்பது வயதைக் கடந்தவர். பல வருடமாகச் சர்க்கரை. “கண்ணு நல்லாத்தானேம்மா தெரியுது, ஊசியில நூல் கோக்கிறேனே” என்றே தள்ளிப்போட்டிருக்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது, ஒரு நாள் வேலை போய்விடும் என்று பலர் தயங்குகிறார்கள்.

இதோடு ஸ்கிரிப்ட்டின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது. சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாகி, கசியத் தொடங்கும் ஆரம்பக் கட்டத்தில் பார்வையில் எந்த மாற்றமும் தெரியாமல் போகலாம். தையல்காரர் நூலைச் சரியாகக் கோக்கிறார். அதே நேரம் அவர் கண்ணுக்குள் கசிவு நடக்கிறது. இரண்டையும் ஒரே சட்டகத்தில் காட்ட முடிவது அனிமேஷனால்தான். பிறகு சொட்டு மருந்துத் தயக்கத்துக்கும் பதில் வேண்டும்: வேலை குறைவான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள், வீட்டில் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள். “எமோஷனல்” என்று மேலாளர் கேட்டது, சோக இசை எதுவும் இல்லாமலே அந்த ஊசி நூலில் வந்துவிடுகிறது.

அடுத்தது இடம். “எங்கே ஓடப்போகிறது?” “எங்க ஹால்ல பெரிய டிவி இருக்கு சார்.” அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? ஏற்கெனவே கண் பரிசோதனைக்கு வந்துவிட்டவர்கள். அதிலும் பலருக்குச் சொட்டு மருந்து விட்டிருக்கும். வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும். நாம் தேடும் தையல்காரர் அந்த ஹாலில் இல்லை. அவர் மாதாமாதம் சர்க்கரை டாக்டரிடம் போகிறார். ஆகவே வீடியோ ஓட வேண்டியது அந்த மருத்துவர்களின் காத்திருப்பு அறையில், பிறகு வாட்ஸ்ஆப்பில்.

இந்த ஒரு பதில் எத்தனையோ விஷயங்களைத் தீர்மானித்துவிடுகிறது. டோக்கன் எண் கூப்பிடும் இடத்தில் டிவி ஊமையாகத்தான் ஓடும், ஆகவே குரல் இல்லாமலும் கதை புரிய வேண்டும். எழுத்து பெரிதாக, ஒரு திரைக்கு நாலைந்து சொற்களுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். டிவிக்குக் கிடைமட்டமாக 16:9, போனுக்குச் செங்குத்தாக 9:16 என இரண்டு வடிவம் வேண்டும். கடைசியில் வெட்டி ஒட்டினால் தையல்காரரின் கை சட்டகத்துக்கு வெளியே போய்விடும். இரண்டு வடிவத்தையும் ஸ்டோரிபோர்டிலேயே வரைந்து பார்த்துவிட வேண்டும்.

நீளமும் தானாகக் குறைகிறது. நிதானமாகப் பேசும் தமிழ்க் குரலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள் போதும். 45 நொடிக்கு 75 சொற்கள். ஊசி நூலுக்குப் பத்து நொடி, கண்ணின் உள்ளே நடப்பதற்குப் பதினைந்து, பரிசோதனைக்குப் பன்னிரண்டு, எங்கே எப்போது வரவேண்டும் என்பதற்கு மீதி எட்டு. ரெண்டு நிமிடம் கேட்டவரிடம், “குறைத்துவிடுங்கள்” என்று சொன்னால் மறுப்பார். இந்தக் கணக்கைக் காட்டினால் ஒப்புக்கொள்வார்.

“மாடர்னா இருக்கணும்” என்பதைச் சொற்களால் தெளிவாக்க முயல்வது வீண். பிடித்த வீடியோ இரண்டை அனுப்பச் சொல்லி, ஒவ்வொன்றிலும் எது பிடித்தது என்று கேட்க வேண்டும். நிறமா, வேகமா, முகங்கள் வரைந்த விதமா? சில சமயம் பின்னணி இசை மட்டும்தான் பிடித்திருக்கும். கேட்காமல் விட்டால், ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வரைந்த ஒரு படத்துக்கு இணையானதை, சாதாரண மோஷன் கிராஃபிக்ஸ் விலையில் எதிர்பார்த்து அவர் காத்திருப்பார்.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: “கடைசியாக ஓகே சொல்வது யார்?” மேலாளர் ஒவ்வொரு கட்டத்திலும் தலையாட்டுவார். முழுதும் முடிந்தபின் தலைமை மருத்துவர் முதல் முறையாகப் பார்த்து, “ரத்தக்குழாய் இப்படியா கசியும்?” என்பார். அவர் கேட்பது நியாயம்தான். கேட்கும் நேரம்தான் தவறு. எனவே எல்லாப் பதில்களையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். யார் பார்க்கிறார், என்ன செய்ய வேண்டும், எது தடுக்கிறது, எங்கே ஓடும், எத்தனை நொடி, எத்தனை முறை திருத்தம், எது இந்த வீடியோவில் வராது. கடைசி வரி அவசியம். புதுக் கருவியும் கிளை முகவரிகளும் அங்கேதான் போய்ச் சேர வேண்டும். அந்தப் பக்கத்தையும் ஸ்கிரிப்ட்டையும் கண்ணின் உள்படத்துக்கான பென்சில் வரைவையும் மருத்துவரிடமே காட்டி, அவர் எழுத்தில் சம்மதம் தந்த பிறகு வாய்ஸ் ஓவர் கலைஞருக்குத் தேதி கொடுக்கலாம்.