கண்ணாடிக் கம்பிக்குள் மூன்று எண்கள்

பழைய மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். 52□18 140 என்பது போல ஏதாவது அச்சாகியிருக்கும். எல்லாம் மில்லிமீட்டர்தான். 52 ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்கின் மேல் அமரும் பிரிட்ஜ், 140 காதுக்குப் பின்னே வளையும் பகுதியையும் சேர்த்துக் கம்பியின் நீளம்.

பலர் கவனிக்காதது முதல் இரண்டின் கூட்டுத்தொகை. 52-ம் 18-ம் சேர்ந்தால் 70. இரு கண்மணிகளுக்கு இடையே 62 மி.மீ. உள்ளவர் இதை எடுத்தால், ஒவ்வொரு லென்ஸின் மையத்தையும் 4 மி.மீ. மூக்குப் பக்கம் நகர்த்தியே வெட்ட வேண்டும். மைனஸ் 6 பவர் என்றால் காதுப் பக்க விளிம்பு தடித்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதே ஆள் 46□18 எடுத்தால் நகர்த்தல் 1 மி.மீ.தான், கண்ணாடி மெலிந்து, எடையும் குறையும். அதிக பவர் உள்ளவர்களுக்குச் சிறிய ஃப்ரேம்தான் நல்லது என்பேன்.

பிரிட்ஜ் அகலமானால் குனியும்போதெல்லாம் கண்ணாடி வழுக்கும். குறுகினால் மூக்கில் தழும்பு விழும்.

கூலிங் கிளாஸில் கறுப்பு நிறத்தை நம்பாதீர்கள். கறுப்பு வெளிச்சத்தைக் குறைக்கும், அதனால் கண்மணி விரியும். புற ஊதாத் தடுப்பு இல்லாவிட்டால் அந்தக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். UV400 என்ற குறியைத் தேடுங்கள். ஸ்டிக்கர் மீது சந்தேகமா? கண்ணாடிக் கடையில் இருக்கும் புற ஊதா மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.