ஆடிய பாலம், தடுமாறிய கால்கள்

2000 ஜூன் 10. லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் மிலேனியம் நடைபாலம் திறக்கப்பட்ட நாள். மெல்லிய எஃகுக் கம்பிவடங்களில் தொங்கும் ஒல்லியான பாலம். வடங்களின் தொய்வு மிகக் குறைவு என்பதால், நதியின் குறுக்கே ஒரு கத்தியை வைத்ததுபோல் இருந்தது. ஒரே நேரத்தில் சுமார் 2000 பேர் அதன் மேல் நடந்தபோது பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. தெற்குப் பகுதி இரு புறமும் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் வரை நகர்ந்தது. சிலர் நடப்பதை நிறுத்திவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பாலம் மூடப்பட்டது.

பாலத்தின் பலத்தில் குறை எதுவும் இல்லை. அது இடிந்து விழும் நிலையிலும் இல்லை. தவறு வேறு கணக்கில் இருந்தது.

சாதாரண நடையில் ஒருவர் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி எடுத்து வைக்கிறார். ஒவ்வொரு அடியும் பாலத்தைக் கீழே அழுத்துகிறது. ஆகவே மேலும் கீழுமான உந்துதல் நொடிக்கு இரண்டு முறை, அதாவது 2 ஹெர்ட்ஸ். பக்கவாட்டில் கதை வேறு. இடது கால் ஒரு பக்கம் தள்ளும், வலது கால் மறுபக்கம் தள்ளும். இரண்டு அடிக்கு ஒரு சுற்று என்பதால் அது 1 ஹெர்ட்ஸ் மட்டுமே.

பாலத்துக்கும் சொந்தமாக ஒரு தாளம் உண்டு. இரு முனைகளில் தாங்கி நிற்கும் சாதாரண நடைபாலம் தன் எடையாலேயே நடுவில் எவ்வளவு தொய்கிறது என்று தெரிந்தால், அந்தத் தாளத்தை மனக்கணக்கிலேயே பிடித்துவிடலாம். தொய்வை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 18-ஐ வகுத்தால் போதும். 40 மீட்டர் நீள எஃகு நடைபாலம் ஒன்று 80 மில்லிமீட்டர் தொய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 9. விடை 2 ஹெர்ட்ஸ். நடப்பவரின் தாளமும் அதுவே! ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி உயர்கிறதோ, அப்படித்தான் ஒவ்வோர் அடியும் அசைவைக் கூட்டும். எஃகில் அசைவை உறிஞ்சும் தன்மை மிகக் குறைவு என்பதால், ஒருமுறை எழுந்த ஆட்டம் அடங்க நேரம் பிடிக்கும்.

இதனால்தான் ஐரோப்பிய விதிமுறை ஓர் எல்லைக்கோடு போடுகிறது. மேல்கீழ் அதிர்வெண் 5 ஹெர்ட்ஸுக்குக் கீழோ, பக்கவாட்டு அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸுக்குக் கீழோ இருந்தால், நடப்பவருக்கு வசதி இருக்குமா என்று சோதித்தே ஆக வேண்டும். அந்த வசதி முடுக்கத்தால் அளக்கப்படுகிறது. மேல்கீழாக 0.7 மீட்டர்/நொடி², பக்கவாட்டில் 0.2. நம் 40 மீட்டர் பாலத்தில் இந்த 0.7 என்பது வெறும் நான்கரை மில்லிமீட்டர் அசைவுதான். பக்கவாட்டு வரம்பு இவ்வளவு கறாராக இருப்பதற்கு மனித உடல்தான் காரணம்: மேலும் கீழும் ஆடினால் முழங்கால் சமாளித்துக்கொள்ளும், பக்கவாட்டில் ஆடினால் சமநிலையே போய்விடும்.

லண்டனில் இந்தப் பக்கவாட்டுக் கணக்கைத்தான் கோட்டைவிட்டார்கள். தெற்குப் பகுதி ஆடியது 0.8 ஹெர்ட்ஸ் அளவில். அங்கே 50 மில்லிமீட்டர் அசைவு என்றால் முடுக்கம் ஏறக்குறைய 1.3, இன்றைய வரம்பைப்போல் ஆறு மடங்கு.

வடிவமைத்த ஆரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூடிய பாலத்தின் மீதே ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள். வடக்குப் பகுதியில் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கினார்கள். 156 பேர் வரை பாலம் அமைதியாகவே இருந்தது. 166 ஆனதும் ஆட்டம் சட்டென்று எகிறியது. பத்துப் பேர்தான் கூடுதல்! தரை லேசாக நழுவினால், விழாமல் இருக்க மனிதர்கள் காலை அகட்டி வைக்கிறார்கள். அப்படி வைக்கும் கால், பாலம் போகும் திசையிலேயே அதைத் தள்ளுகிறது. ஆள் கூடக் கூட இந்தத் தள்ளல் சேர்ந்து, பாலம் இயல்பாக உறிஞ்சும் அளவைத் தாண்டும் கணத்தில் கட்டுப்பாடு போய்விடுகிறது. எல்லோரும் ஒரே தாளத்தில் நடந்ததுதான் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. தாளம் ஒன்றுபடாமலேயே இது நடக்கும் என்று பிந்தைய ஆய்வுகள் வாதிடுகின்றன.

பாலத்தை விறைப்பாக்கியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அதிர்வெண்ணை மூன்று மடங்காக்க விறைப்பை ஒன்பது மடங்காக்க வேண்டும். அந்த ஒல்லியான அழகு போய்விடும். அதற்குப் பதிலாக ஆட்டத்தை விழுங்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். தடித்த திரவத்தினூடே பிஸ்டன் நகரும் தணிப்பான்கள் 37. கூடவே, எடையையும் சுருள்வில்லையும் கொண்ட தணிப்பான்களும். செலவு சுமார் 50 லட்சம் பவுண்டு. 2002 ஜனவரியில் 2000 பேரை நடக்கவிட்டுப் பார்த்த பிறகு, பிப்ரவரி 22 அன்று பாலம் மீண்டும் திறந்தது. அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை நடைதளத்துக்கு அடியில் இருப்பதால், மேலே நடப்பவர் கண்ணில் படுவதில்லை.