பின்பக்கம் எதுவும் எழுதாத ஒரு படம்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு சுற்றுலாப் படம் இருக்கிறது. ரயில் பாதை ஓரத்தில் அத்தையும் மாமாவும் நிற்கிறார்கள். பின்னால் தேயிலைச் சரிவு, அதற்கு மேலே வரிசை வரிசையாய் ஓட்டு வீடுகள். எந்த இடம் என்று யாரைக் கேட்டாலும் "ஊட்டிதான்" என்றார்கள். படத்தில் உள்ளதை மட்டும் வைத்து ஒரு சின்ன அறிக்கை எழுதிப் பார்த்தேன்: என்ன தெரிகிறது, அது எதைச் சொல்கிறது, அதை எவ்வளவு நம்பலாம்.

முதலில், படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டால் மலைச்சரிவே எதிர்ப்பக்கம் போய்விடும். அத்தையின் முந்தானை இடது தோளில்தான் விழுகிறது. அவர் எப்போதும் அப்படித்தான் கட்டுவார். ஆகவே படம் நேராகவே இருக்கிறது.

அடுத்தது தேயிலை. இது மூணாறு, வால்பாறை, நுவரெலியா, டார்ஜிலிங் எல்லாவற்றுக்கும் பொருந்தும். செடிகளுக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களை இன்னொரு தடயமாக எண்ணத் தோன்றும். எண்ணக்கூடாது. தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக அந்த மரத்தையும் சேர்த்தே வளர்க்கிறார்கள். இரண்டும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன, அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மதிப்புதான். ஸ்வெட்டருக்கு அதைவிடக் குறைவு. மலைக்குப் போகும் எல்லோரும் அதை எடுத்துப்போகிறார்கள்.

படத்தின் கீழ் ஓரத்தில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வெட்டிய இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். இந்தியாவில் பயணிகள் ரயிலுக்கு இப்படி ஒரு பாதை நீலகிரியில் மட்டுமே உண்டு. டார்ஜிலிங் ரயிலுக்கும் இலங்கை மலை ரயிலுக்கும் இது கிடையாது. நீலகிரியிலும் கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரைதான். குன்னூரிலிருந்து ஊட்டிக்குச் செல்லும் பாதையில் பற்பட்டை இல்லை. வீட்டில் எல்லோரும் சொன்ன ஊட்டியை இந்த ஒன்றே நீக்கிவிட்டது. ஒரு தடயத்தை எடைபோட நான் கேட்கும் கேள்வி இதுதான்: இதே காட்சி வேறு எத்தனை இடங்களில் கிடைக்கும்?

இனி அந்தப் பாதைக்குள் எந்த இடம் என்பதுதான் கேள்வி. கல்லாறு பக்கம் பாக்குத் தோப்புகள், அதற்கு மேலே காடு. தேயிலை உயரே போனால்தான் வரும். சரிவில் நெருக்கமாக வீடுகள் இருப்பது ஓர் ஊரைக் காட்டுகிறது. ஆகவே என் வரிசை: முதலாவது, குன்னூர் நிலையத்துக்குச் சற்றுக் கீழே, பெரும்பாலும் இதுவே. இரண்டாவது, ரன்னிமேடு. அந்த வீடுகள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்தால் இது முன்னுக்கு வரும். மூன்றாவது, ஹில்குரோவ். ரயில் நின்று எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடம், பயணிகள் இறங்கிப் படம் எடுப்பது வழக்கம். ஆனால் சுற்றிலும் காடு, அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

அறிக்கையின் கடைசி வரியில், எது கிடைத்தால் இந்த வரிசை மாறும் என்று குறித்துவைத்தேன். படத்தின் இடது ஓரம் ஆல்பத்தின் மூலைக்குள் மறைந்திருக்கிறது. அதைக் கழற்றிப் பார்க்கும்போது மஞ்சள் பெயர்ப் பலகையின் விளிம்பாவது தெரிந்தால், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு அதையே எழுத வேண்டும்.