தொலைவா, தொலைந்து போவதா?

தில்லியில் விடுதி அறையிலிருந்து சென்னையிலுள்ள ஒரு கணினிக்குப் பெரிய கோப்பு ஒன்றை அனுப்புகிறோம். அது ஆமை வேகத்தில் போகிறது. “சென்னை தொலைவு, அப்படித்தான்” என்று அமைதி கொள்கிறோம். உண்மையில் தொலைவுதான் காரணமா, அல்லது பாக்கெட்டுகள் வழியில் தொலைகின்றனவா? லினக்ஸ் கணினியில் இதைக் கணக்கிட்டே அறியலாம்.

டிசிபி முறையில், அனுப்பிய பாக்கெட் சேர்ந்ததற்கு மறுமுனையிலிருந்து ஒப்புகை வரவேண்டும். வராவிடில் கணினி அதை மீண்டும் அனுப்பும். அந்தக் கணக்கு அனுப்பும் கணினியில்தான் இருக்கும். பெறும் கணினியில் தேடுவது வீண். இணைப்பு முடிந்தால் கணக்கும் மறைந்துவிடும். ஆகவே கோப்பு போய்க்கொண்டிருக்கும்போதே, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை இவ்வாறு கேட்க வேண்டும்:

```
ss -tin dst 203.0.113.20
```

விடையில் நமக்கு வேண்டிய பகுதிகள் இவை என்று கொள்வோம்:

```
rtt:40.1/2.3 data_segs_out:21000 retrans:0/410 dsack_dups:3 minrtt:38.6
rtt:40.4/2.1 data_segs_out:31000 retrans:1/660 dsack_dups:5 minrtt:38.6
```

retrans என்பதில் கோட்டுக்கு முன்னுள்ள எண், மீண்டும் அனுப்பி இன்னும் ஒப்புகை வராதவை. பின்னுள்ளது, இணைப்பு தொடங்கியது முதல் மீண்டும் அனுப்பியவற்றின் மொத்தம். மொத்தத்தை மட்டும் பார்த்தால் பழைய இழப்பா, இன்றைய இழப்பா என்று தெரியாது. ஆகவே கழித்துப் பார்ப்போம். அந்த நிமிடத்தில் அனுப்பியவை 10,000. அவற்றுள் மறுமுறை சென்றவை 250. அதாவது நூற்றுக்கு இரண்டரை.

இங்கே இரண்டு ஐயங்கள் எழும். பாக்கெட் தொலையாமலே, தாமதத்தால் மீண்டும் அனுப்பப்பட்டிருக்கலாமே? அப்படியாயின் மறுமுனை “இரண்டு முறை வந்தது” என்று தெரிவிக்கும். அதன் எண்ணிக்கையே dsack_dups. அது இரண்டுதான் கூடியுள்ளது. நாமே வழியை நெரித்துவிட்டோமா? நெரிசலில் பெரும்பாலும் வரிசை நீண்டு, rtt மிகக் குறைந்த அளவாகிய minrtt-ஐவிட வெகுவாக உயரும். இங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பழுதான வழி என்றே ஐயுற வேண்டும்.

பழுது எங்கே? அதே அறையிலிருந்து வளாகத்திலுள்ள துறைக் கணினிக்கு ஒரு கோப்பு அனுப்பிப் பாருங்கள். பிறகு துறைக் கணினியிலிருந்து சென்னைக்கு அனுப்புங்கள். முன்னதிலும் இழப்பு கூடி, பின்னதில் retrans என்ற சொல்லே தோன்றாவிட்டால் (எதுவும் மீண்டும் அனுப்பப்படாதபோது அது அச்சாவதில்லை), குற்றம் விடுதிப் பக்கத்தில்தான்.

அப்படியானால் வளாகத்துக்குள் அனுப்பும்போது ஏன் தெரியவில்லை? அங்கே ஒப்புகை ஒரு மில்லிநொடிக்குள் வருவதால், இழந்த வேகத்தை டிசிபி உடனே மீட்டுக்கொள்கிறது. சென்னைக்கு ஒவ்வொரு மீட்சிக்கும் நாற்பது மில்லிநொடிச் சுற்றுகள் பல வேண்டும். தொலைவு பழுதை உண்டாக்கவில்லை, வெளிக்காட்டியது.

இனிக் கேபிளை மாற்றி, புது இணைப்பில் மறுபடி எண்ணுங்கள். எண் ஏறாது நின்றால் முடிவு உறுதி.