பிராக்டிகல் ரெக்கார்டில் சராசரிக்குப் பக்கத்தில் ± எதற்கு? தனி ஊசல் சோதனையை வைத்தே புரிந்துகொள்ளலாம்!

பிளஸ் 1 இயற்பியல் ஆய்வகம். தனி ஊசலை ஆடவிட்டு, ஸ்டாப் வாட்ச்சைப் பிடித்து, g மதிப்பு 9.7716 என்று எழுதிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார் மாணவர். 'இந்தக் கடைசி மூணு இலக்கம் எங்கிருந்து வந்துச்சு?' என்று ஆசிரியர் கேட்டால்? கால்குலேட்டரில் இருந்துதான்!

சரி, எப்படி எழுதுவது?

ஊசலின் நீளம் 1 மீட்டர். 20 அலைவுகளுக்கான நேரத்தை 5 முறை எடுக்கிறோம் என வைத்துக்கொள்வோம். வாட்ச் காட்டியது 40.3, 39.9, 40.6, 40.2, 40.0 விநாடிகள். சராசரி 40.2.

ஒரே ஊசல்தான், ஆனாலும் ஐந்து விடை. காரணம் நம் விரல். பட்டனை ஒருமுறை சற்று முன்னாலும், ஒருமுறை சற்றுப் பின்னாலும் அழுத்துகிறோம். அந்தத் தடுமாற்றம் எவ்வளவு என்று சொல்வதுதான் ±.

ஒவ்வொரு அளவீடும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 0.1, 0.3, 0.4, 0.0, 0.2. கூட்டினால் 1.0. ஐந்தால் வகுத்தால் 0.2. இதுதான் சராசரி தனிப்பிழை. ஆக, நேரம் 40.2 ± 0.2 விநாடி.

இரண்டையும் 20 ஆல் வகுத்தால் அலைவு நேரம் 2.01 ± 0.01 விநாடி. 20 அலைவு எண்ணச் சொல்வது இதற்குத்தான். விரலின் தடுமாற்றமும் 20 பங்காகச் சிதறிவிடுகிறது.

g-க்கு வரும்போது என்ன ஆகும்?

சூத்திரம் g = 4π²L/T². அலைவு நேரத்தில் பிழை சுமார் 0.5 சதவீதம். T இருமடியாக இருப்பதால், g-யில் அது 1 சதவீதமாகிறது. நீளத்தை ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்திருந்தால் அதன் பங்கு 0.1 சதவீதம்தான். பெரிதாகக் கணக்கில் வராது. 9.77-ல் 1 சதவீதம் என்றால் ஏறத்தாழ 0.1.

முதல் தசம இலக்கத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் 716-க்கு அர்த்தமே இல்லை. எழுத வேண்டிய விடை: 9.8 ± 0.1 மீ/வி².

± காப்பாற்றாத ஒரு தவறு

வாட்ச்சை அழுத்தும்போதே 'ஒன்று' என எண்ணத் தொடங்கினால், 20 என்று நிறுத்தும்போது ஊசல் 19 அலைவுதான் ஆடியிருக்கும். ஐந்து முறையும் இதே தவறு நடந்தால் சராசரி 38.2 விநாடிக்கு அருகில் வரும். அளவீடுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும், ±-ம் அதே 0.2-தான். ஆனால் g மட்டும் 10.8 ± 0.1 என நிற்கும்!

எல்லா அளவீடும் ஒரே பக்கம் சாய்ந்தால், எத்தனை முறை திரும்ப எடுத்தாலும் சராசரி அதைச் சரி செய்யாது. தெரிந்த மதிப்பான 9.8, உங்கள் ± எல்லையை விட்டு இவ்வளவு தூரம் தள்ளி நின்றால், கணக்கைத் திருத்தாதீர்கள். வாட்ச்சை அழுத்தும் நொடியில் 'பூஜ்ஜியம்' என்று சொல்லி, முதலிலிருந்து எண்ணிப் பாருங்கள்.