சுற்று இருந்தால் முட்டுநிலையா?

பன்னிரண்டாம் வகுப்பில் டெட்லாக் எனப்படும் முட்டுநிலையை விளக்கியபோது, "படத்தில் சுற்று வந்தால் முட்டுநிலைதான்" என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். கடந்த ஆண்டு ஒரு மாணவி, "அந்தப் பொருள் இன்னொன்று இருந்தால், சார்?" என்று கேட்டாள். நான் சொன்னது பாதிதான் சரி என்பது அப்போதுதான் உறைத்தது.

கணினியில் நிரல்கள் அச்சுப்பொறி, கோப்பு போன்ற வளங்களைப் பிடித்துக்கொண்டு, பிறர் கையில் உள்ளதற்காகக் காத்திருக்கும். இதைப் படமாக்குவதே வள ஒதுக்கீட்டு வரைபடம். ரிச்சர்ட் ஹோல்ட் 1972இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய வரைபடங்களைக் கையாண்டார். நிரலுக்கு வட்டம், வளத்துக்குப் பெட்டி. அந்த வளம் எத்தனை உள்ளதோ அத்தனை புள்ளிகள் பெட்டிக்குள் இருக்கும். கேட்பவரிடமிருந்து பெட்டிக்கு ஓர் அம்பு. கொடுக்கப்பட்ட புள்ளியிலிருந்து வைத்திருப்பவருக்கு ஓர் அம்பு. மாணவர்கள் இரண்டாவது அம்பைத் தலைகீழாகப் போடுவார்கள். அப்படிப் போட்டால் சுற்றே தெரியாது.

வகுப்பில் நிரல்களுக்குப் பதில் மாணவர்களை நிறுத்தினேன். ஒரு கவராயம், ஒரு பாகைமானி. 'அ' கவராயத்தை வைத்துக்கொண்டு பாகைமானியைக் கேட்கிறான். 'ஆ' பாகைமானியை வைத்துக்கொண்டு கவராயத்தைக் கேட்கிறாள். வேலை முடியும்வரை கையிலுள்ளதைத் தரக்கூடாது என்பது விதி. அம்புகள் சுற்றி வந்து 'அ'விடமே சேர்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றுதான் என்பதால் இது முட்டுநிலையேதான்.

இப்போது இன்னொரு பாகைமானியை 'இ'யிடம் கொடுத்தேன். அவள் வேறெதையும் கேட்கவில்லை. பழைய சுற்று அப்படியே இருக்கிறது. ஆனால் 'இ' தன் கோணத்தை அளந்து முடித்துப் பாகைமானியை வைத்தால் 'அ' எடுத்துக்கொள்வான். அவன் முடித்ததும் கவராயம் 'ஆ'வுக்கு. யாரும் முடங்கவில்லை.

எனவே ஒரே வளம் பலவாக இருக்கும் படத்தில் சுற்றைத் தேடுவதோடு நிறுத்தக்கூடாது. கேட்டதெல்லாம் உடனே கிடைக்கக்கூடியவரை, அல்லது எதுவுமே கேட்காதவரைக் கண்டுபிடித்து அவருடைய அம்புகளை அழிக்க வேண்டும். விடுபட்ட புள்ளியைக் கணக்கில் கொண்டு அடுத்தவரைத் தேட வேண்டும். எங்கள் கரும்பலகையில் 'இ', 'அ', 'ஆ' என்ற வரிசையில் எல்லா அம்புகளும் அழிந்தன. முடிவில் அம்பு மிஞ்சினால் அங்குதான் முட்டுநிலை.

பிறகு 'இ'யும் கவராயம் கேட்பதாக ஒரே ஓர் அம்பைச் சேர்த்தோம். யாரிடமிருந்து அழிக்கத் தொடங்குவது என்று தேடினார்கள், ஒருவரும் அகப்படவில்லை. இரண்டு பாகைமானி இருந்தும் மூவரும் முடங்கிவிட்டார்கள்.

சுற்றே இல்லாத படத்தில் முட்டுநிலை இராது. அதை மட்டும் தயங்காமல் சொல்லலாம். ஆனால் படம் அந்த நொடியைத்தான் காட்டுகிறது. 'இ' பிறகு ஏதாவது கேட்டால் புதிதாக வரைந்து மறுபடி அழித்துப் பார்க்க வேண்டியதுதான்.