போட்டிக்கு முந்தைய 14 நாட்கள்

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர்)

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையேயான தடகளப் போட்டியில், 5000 மீட்டர் ஓட்டத்தில் நம் கல்லூரியின் சார்பாகக் கலந்துகொண்டேன். போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன் நம் மைதானத்திலேயே 17 நிமிடம் 5 வினாடியில் ஓடியவன், போட்டியன்று 17 நிமிடம் 31 வினாடி எடுத்துக்கொண்டு ஒன்பதாவதாக வந்தேன். இத்தனைக்கும் நான் மிகக் கடுமையாக உழைத்தது அந்தக் கடைசிப் பத்து நாட்களில்தான். காலை, மாலை இருவேளையும் ஓடினேன். தேர்வுக்கு முதல் நாள் இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கும் மாணவனின் பயந்தான் என்னை ஓட வைத்தது. படிப்பிலாவது அப்படிச் செய்தால் இரண்டு வினாக்களுக்கு விடை கிடைக்கும். ஓட்டத்தில் அதுவும் கிடைக்காது. ஏன் என்பதை இந்த ஆண்டுதான் புரிந்துகொண்டேன்.

பயிற்சி உடலில் ஒரே நேரத்தில் இரண்டு காரியங்களைச் செய்கிறது. ஒன்று திறனை வளர்க்கிறது. மற்றொன்று களைப்பைச் சேர்க்கிறது. களத்தில் வெளிப்படுவது திறனிலிருந்து களைப்பைக் கழித்த மீதியே. கனடாவில் பணியாற்றிய உடலியல் அறிஞர் எரிக் பேனிஸ்டர் 1970களில் இதை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார். பயிற்சியை நிறுத்தினால் இரண்டுமே தேயும். ஆனால் களைப்பு விரைவாகத் தேயும். திறன் மெதுவாகத் தேயும். இயற்பியல் மாணவர்களுக்கு இது புதிதன்று. வெவ்வேறு அரை ஆயுட்காலம் கொண்ட இரண்டு கதிரியக்கப் பொருள்களை ஒரே பெட்டியில் வைத்தது போலத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. திறன் 100, களைப்பு 70 என்று கொள்வோம், மீதி 30. களைப்பு பாதியாகக் குறையப் பத்து நாட்களும், திறன் பாதியாகக் குறைய முப்பது நாட்களும் ஆகட்டும். (ஆளுக்கு ஆள் இது மாறும்.) பதினைந்தாம் நாள் திறன் 71 ஆகவும் களைப்பு 25 ஆகவும் இருக்கும், மீதி 46. முப்பதாம் நாள் திறன் 50, களைப்பு 9. மீதி 41 தான். ஆகவே இடையில் ஓர் உச்சம் இருக்கிறது. அந்த உச்சம் போட்டி நாளன்று வந்து விழும்படி பயிற்சியைத் தளர்த்துவதைத்தான் ‘டேப்பரிங்’ என்கிறார்கள். கடைசி வாரத்தில் புதிதாகச் செய்யும் கடும்பயிற்சி, பலன் தருமுன்பே களைப்பைத் தந்துவிடுகிறது. சென்ற ஆண்டு நான் 70ஐ 90 ஆக்கிக்கொண்டு ஓடப்போயிருக்கிறேன்!

அப்படியானால் இரண்டு வாரம் படுத்து உறங்கிவிடலாமே என்று விடுதி நண்பர்கள் கேட்டார்கள். கூடாது. முற்றிலும் நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தத்தின் கன அளவு குறையத் தொடங்கும். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்பதற்கு அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் 1980களில் செய்த ஆய்வுகள் விடை தருகின்றன. வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு 40 நிமிடம் கடும்பயிற்சி செய்து பழகியவர்களுக்கு, வேகத்தைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் 13 நிமிடமாகக் குறைத்தார். பதினைந்து வாரங்கள் சென்ற பின்னும், உடல் ஆக்சிஜனை ஏற்கும் உச்சத்திறன் குறையவில்லை. நேரத்தை அப்படியே வைத்து, கடுமையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தபோதோ அது குறைந்துவிட்டது. ஆகவே தூரத்தைக் குறை, வேகத்தைக் குறைக்காதே என்பதே விதி. பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், ஏறக்குறைய இரண்டு வாரம், தூரத்தில் 40 முதல் 60 விழுக்காடு வரை குறைப்பு, ஓடும் நாட்களிலும் வேகத்திலும் குறைப்பில்லை என்ற முடிவுக்கே வந்தனர்.

இந்த ஆண்டு நம் உடற்கல்வி இயக்குநர் அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “கணக்கு சரிதான், நீ சும்மா இருப்பியா?” என்றார். இருவரும் உட்கார்ந்து திட்டம் வகுத்தோம். அதுவரை நான் வாரத்திற்கு 72 கிலோமீட்டர் ஓடிவந்தேன். முதல் வாரம் 50, போட்டி வாரம் 30 என்று குறைத்தோம். ஓடும் நாட்கள் ஆறும் ஆறாகவே இருந்தன. 14 கிலோமீட்டர் ஞாயிறு ஓட்டம் 9 ஆனது. வேக ஓட்டம் மட்டும் நின்றுவிடவில்லை. முன்பு 1000 மீட்டரை ஆறு முறை, ஒவ்வொன்றும் 3 நிமிடம் 20 வினாடியில் ஓடுவேன். முதல் வாரம் அதே வேகத்தில் நான்கு முறை. போட்டிக்கு மூன்று நாள் முன்பு 400 மீட்டரை 80 வினாடியில் ஐந்தே முறை. சுற்றுக்கு 80 வினாடி என்றால் பன்னிரண்டரைச் சுற்றுக்குச் சரியாக 1000 வினாடி, அதாவது 16 நிமிடம் 40 வினாடி. அதுதான் என் குறி.

கால்களைக் குறைவாக ஓடச் செய்வது எளிது. மனத்தை ஆற்றுவதுதான் கடினம். ஐந்தாம் நாள் கால்கள் கனத்தன. இல்லாத முழங்கால் வலி வந்தது, மறுநாள் போனது. எடை முக்கால் கிலோ கூடியது. கொழுத்துவிட்டேனோ என்று அஞ்சினேன். தசைகளில் சேரும் கிளைக்கோஜன் தன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரையும் உடன் சேர்த்துக்கொள்ளும் என்று படித்த பிறகே அமைதி வந்தது.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. என் அப்பாவுக்கு உழைப்பு என்றால் குனிந்த முதுகுதான். “ஓடாம இருக்கிறதுக்கா பயிற்சி?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் வரப்பில் உட்கார்ந்து மற்றவர்கள் அறுப்பதைப் பார்ப்பது எவ்வளவு கூச்சம் என்பதை எந்த ஆய்வும் எழுதவில்லை. அரிவாளை எடுத்திருந்தால் 22 கிலோமீட்டர் குறைத்த பயன் முதுகிலும் தொடையிலும் போயிருக்கும். களத்துமேட்டில் கணக்கெழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எப்படித் தெரிந்துகொள்வது, பலிக்கிறதா என்று? தினமும் விழித்தவுடன் நாடித் துடிப்பை எண்ணிக் குறித்தேன். அதில் சொல்லும்படியான மாற்றமில்லை. மாறியது வேறு. பத்தாம் நாளுக்குமேல், 80 வினாடியில் ஓட வேண்டிய சுற்றை என்னையறியாமல் 77இல் முடித்தேன். மாடிப்படி ஏறும்போது கால் கனக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ‘இன்னும் இரண்டு சுற்று ஓடிப் பார்ப்போமே’ என்ற ஆசை வரும். இயக்குநர் அவர்கள் விசிலுடன் நின்றதால் தப்பினேன்.

இதற்கு எல்லை உண்டு. தளர்த்தல் புதிய திறன் எதையும் தராது. மறைந்திருப்பதை வெளிக்கொணரும், அவ்வளவே. கிடைப்பது இரண்டு, மூன்று விழுக்காடுதான். பருவம் முழுவதும் சரியாக ஓடாதவனுக்குக் கரைய வேண்டிய களைப்பே இல்லை. அவன் தளர்த்தினால் இருக்கும் திறனும் தேயும். ஒவ்வொரு சிறு போட்டிக்கும் இப்படிச் செய்தாலும் பயிற்சிக்கே நாள் இராது. அதனால்தான் இந்த ஆண்டு நடுவில் வந்த இரண்டு போட்டிகளிலும் களைப்போடேயே ஓடித் தோற்றேன். நண்பர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள்.

போட்டிக்கு முன் இந்தப் பருவத்தில் என் சிறந்த நேரம் 17 நிமிடம். போட்டியன்று 16 நிமிடம் 43 வினாடியில் முடித்து நான்காவதாக வந்தேன். அந்த 17 வினாடிகளில் எத்தனை தளர்த்தலுக்கு உரியவை, எத்தனை முன்னே ஓடியவரைத் துரத்தியதால் வந்தவை என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றாவதாக வந்தவர் என்னைவிட இரண்டு வினாடி முன்னால் இருந்தார். நான்கு நாள் கழித்து ஊருக்குப் போனேன். அறுப்பு முடிந்திருந்தது, வைக்கோல் போர் போடும் வேலை மட்டும் எனக்காகக் காத்திருந்தது.